பால் நிறுத்தியும் பீரியட்ஸ் வரவில்லையா?

"கோத்தகிரியில் இருக்கிறேன். பாப்பாவுக்குப் பால் நிறுத்தி 3 மாதம் தாண்டிவிட்டது, இன்னும் பீரியட்ஸ் வரவில்லை. மலைக்குளிர்தான் காரணம் என்கிறார் மாமியார். அப்படியா?"

குளிருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பால் கொடுக்கும்போது கூடுதலாக இருக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன், கருமுட்டை வெளிவருவதைத் தடுத்து வைக்கும். ராத்திரி ஒரு தடவைகூடக் கொடுக்காமல் முழுதாக நிறுத்தினால், பெரும்பாலும் 4 முதல் 8 வாரத்தில் பீரியட்ஸ் திரும்பும். முதல் சில மாதங்கள் முன்னே பின்னே வருவது சகஜம்.

உங்களுக்கு 3 மாதம் ஆனதால், முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். முதல் பீரியட்ஸுக்கு முன்பே கருமுட்டை வந்துவிடலாம் என்பதால், பீரியட்ஸ் வராமலே கரு தங்கலாம். கர்ப்பம் இல்லையென்றால் மகப்பேறு மருத்துவரிடம் தைராய்டு, புரோலாக்டின் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு குறைவது உண்டு; அப்போது குளிர் கூடுதலாகத் தெரியும். கோத்தகிரியில் எல்லோருக்கும்தான் குளிரும். வீட்டில் மற்றவர்கள் ஒரு ஸ்வெட்டரில் இருக்க உங்களுக்கு இரண்டு தேவைப்பட்டால் அதையும் சொல்லுங்கள். இன்னும் பால் கசிகிறதா, தலைவலியோ பார்வை மங்கலோ உண்டா என்பதையும் மறைக்காதீர்கள்.