விருதுப் பரிந்துரைக் கடிதத்துக்கு வகுப்பாசிரியரிடம் என்ன எழுதிக் கொடுப்பது?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

11-ஆம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகளை ஆண்டுவிழா விருதுக்குப் பரிந்துரைக்க வகுப்பாசிரியர் முன்வந்திருப்பதையும், அதற்கான விவரங்களைத் தங்களிடம் கேட்டிருப்பதையும், மதிப்பெண் 78 விழுக்காடுதான் என்பதால் தேர்வுக் குழு அவளைப் பொருட்படுத்துமா என்று தாங்கள் கவலைப்படுவதையும் கடிதத்தில் படித்தேன். தாங்கள் எழுதி இணைத்திருந்த வரைவையும், பள்ளியின் சுற்றறிக்கையையும் பார்த்தேன்.

முதலில் சுற்றறிக்கையைப் பார்ப்போம். இந்த விருது "சக மாணவர்களுக்கு உதவியதற்கும் பொறுப்பேற்று நடத்திய பணிக்கும்" வழங்கப்படுவதாக அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கல்வியில் முதலிடம் பெறுவோருக்கு வேறு பரிசு உண்டு. ஆகவே மதிப்பெண்ணைப் பற்றி ஒரே வரி போதும். அதை நியாயப்படுத்த ஒரு பத்தியைச் செலவிட்டால், குழுவின் கவனத்தை நாமே அந்தக் குறையின் பக்கம் திருப்பிவிடுவோம்.

"ஒழுக்கம், உழைப்பு, பணிவு, தலைமைப் பண்பு அனைத்தும் ஒருங்கே அமையப்பெற்ற மாணவி" என்று தங்கள் வரைவு தொடங்குகிறது. அந்த வரியில் தங்கள் மகளின் பெயரை எடுத்துவிட்டு, அதே வகுப்பில் வேறு எந்தப் பிள்ளையின் பெயரை எழுதினாலும் அது அப்படியே பொருந்தும். குழுவின் முன் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும் என்பதால், இந்த வரி யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. வரைவின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தப் பெயர் மாற்றும் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். தங்கள் வரைவில் அதைத் தாண்டி நிற்பது கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரே ஒரு வாக்கியம்தான்: "மதிய இடைவேளையில் 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுப்பாள்."

கடிதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எப்போது தொடங்கினாள், யார் சொல்லித் தொடங்கினாள், எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு எங்கே தடுமாற்றம், அவள் என்ன செய்தாள், முடிவில் என்ன மாறியது என்று நான் தொலைபேசியில் கேட்டதற்கு மகள் சொன்ன பதில்களைப் பாருங்கள். ஜூலை மாதத்தில் 6-ஆம் வகுப்புத் தமிழாசிரியை, பாடப் பத்தியைத் தடையின்றி வாசிக்க இயலாத 14 பேரைத் தனியாக அமர்த்தியிருந்தார். தங்கள் மகள் அவரிடம் தானாகவே சென்று கேட்டு, திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் மதிய உணவுக்குப் பின் 20 நிமிடம் அவர்களோடு உட்கார்ந்தாள். இரண்டு வாரம் கேட்ட பிறகு, பெரும்பாலோர் எல்லா எழுத்திலும் தடுமாறவில்லை, ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும்தான் மாற்றி வாசிக்கிறார்கள் என்று அவள் கண்டுபிடித்தாள். பழைய காலண்டர் தாள்களை வெட்டி, ஒரு பக்கம் "பெட்டி", மறுபக்கம் "பேட்டி"; ஒரு பக்கம் "கொடி", மறுபக்கம் "கோடி" என்று இணை இணையாக அட்டைகள் எழுதினாள். ஜனவரியில் தமிழாசிரியை மீண்டும் வாசிக்கச் சொன்னபோது 10 பேர் பத்தியைத் தடையின்றி வாசித்தார்கள். இருவர் இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள், ஒருவர் பள்ளி மாறிவிட்டார், ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார்.

இந்தக் கடைசி நால்வரைக் கடிதத்திலிருந்து நீக்கிவிடத் தோன்றும், நீக்காதீர்கள். "அனைவரும் சரளமாக வாசித்தனர்" என்று எழுதினால், அந்த 6-ஆம் வகுப்பு ஆசிரியையே குழுவில் இருக்கக்கூடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 14-இல் 10 என்பது நம்பத்தகுந்த எண். மேலும், அது ஒருவர் எண்ணிப் பார்த்து எழுதியது என்பதையும் படிப்பவருக்கு உணர்த்தும்.

இவ்விவரங்களைக் கொண்டு ஆசிரியரின் குரலில் எழுதினால், கடிதத்தின் நடுப்பத்தி ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"இம்மாணவியை இரண்டு ஆண்டுகளாக அறிவேன். கடந்த ஜூலை முதல் இவர் 6-ஆம் வகுப்பைச் சேர்ந்த 14 மாணவர்களுக்கு வாரம் மூன்று நாள் மதிய இடைவேளையில் தமிழ் வாசிப்புப் பயிற்சி அளித்து வருகிறார். குறில், நெடில் குறியீடுகளில் அவர்கள் தடுமாறுவதைத் தாமே கண்டறிந்து, அதற்கெனச் சொல் அட்டைகளைத் தயாரித்தார். ஜனவரியில் தமிழாசிரியை நடத்திய வாசிப்பில் 10 பேர் பாடப் பத்தியைத் தடையின்றி வாசித்தனர். வருகைக் குறிப்பேடும் அட்டைகளும் பார்வைக்கு இணைக்கப்பட்டுள்ளன."

இதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாதது தங்களுக்கு வறட்சியாகத் தோன்றலாம். பாராட்டைக் குழுவினர் தாங்களாகச் சொல்லிக்கொள்ளட்டும். வருகைக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் அந்தத் தமிழாசிரியையின் கையொப்பத்தைப் பெற்றுவிட்டால், வேறு சான்று எதுவும் தேவைப்படாது.

தாங்கள் அனுப்பிய ஒன்பது சான்றிதழ்களைப் பொறுத்தவரை, அவற்றில் ஏழு பங்கேற்புச் சான்றிதழ்கள். அவற்றை இணைத்தால் கோப்பு தடிக்குமே தவிர வலுவடையாது. எஞ்சிய இரண்டில் கோ-கோ சான்றிதழ் ஒன்றே இந்த விருதுக்குப் பொருந்தும், ஏனெனில் அந்த அணிக்கு அவள் தலைவி. ஆனால் தங்கள் வரைவு அதை "மாவட்ட அளவில் வெற்றி" என்கிறது. சான்றிதழிலோ குறுவட்ட அளவில் இரண்டாமிடம் என்றே உள்ளது. உடற்கல்வி ஆசிரியர் இதைப் பார்த்த நொடியில் கண்டுகொள்வார், அதன் பிறகு வாசிப்புப் பயிற்சியைப் பற்றிய உண்மையும் சந்தேகத்துக்குள்ளாகும். சான்றிதழில் அச்சாகியிருக்கும் சொற்களையே எழுதுங்கள்.

தந்தையாரின் உடல்நலக் குறைவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடந்த ஆண்டு மதிப்பெண் குறைந்ததற்கு அது காரணம் என்பது உண்மையாக இருக்கலாம். ஆயினும் இத்தகைய கடிதங்களின் பகுதிகளைச் சில பள்ளிகளில் ஆண்டுவிழா மேடையில் உரக்க வாசிப்பதுண்டு. பெற்றோர் நல்லெண்ணத்தோடு எழுதிய வீட்டுத் துயரத்தைத் தோழிகள் முன்னிலையில் கேட்பது அந்த வயதில் எளிதன்று. மகளிடம் கேளுங்கள்; அவள் வேண்டாம் என்றால் ஒரு சொல்லும் வேண்டாம். அவள் சம்மதித்தாலும், "குடும்பப் பொறுப்புகளுக்கு இடையிலும்" என்ற அளவோடு நிறுத்திவிடலாம்.

கடிதத்தைத் தாங்களே முழுமையாக எழுதி ஆசிரியரின் கையொப்பத்துக்கு நீட்டுவதை நான் ஏற்கவில்லை. தலைமையாசிரியர் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியர். தாம் எழுதாத வரிக்கு அவரால் பொறுப்பேற்க இயலாது. அவருக்குத் தேவை ஒரு பக்க விவரக் குறிப்பு மட்டுமே: மேலே சொன்ன தேதிகள், எண்ணிக்கைகள், தொடர்புடைய ஆசிரியர்களின் பெயர்கள், இணைப்புகளின் பட்டியல். அனுப்புநர், பெறுநர், பொருள், பள்ளிச் சுற்றறிக்கையின் எண்ணைக் குறிக்கும் பார்வை ஆகியவற்றை அவர் வழக்கப்படி சேர்த்துக்கொள்வார். வகுப்பறையில் அவரே நேரில் கண்ட ஏதேனும் ஒரு நிகழ்வைச் சேர்க்குமாறு மகளைக் கொண்டு பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள், ஏனெனில் அந்த ஒரு வரியைத் தங்களாலோ என்னாலோ தர முடியாது.

கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை என்பதால், குறிப்பைத் திங்களன்றே கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் வரைவைக் காட்டினால் பெயரின் எழுத்து, தேதி, எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் சரிபாருங்கள். நடையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்