கேள்வி-பதில்: சாங்ஷன் லெட்டரில் எந்த வரியைத் தேடுவது?

"'எப்ப வேணும்னாலும் கட்டி முடிக்கலாம், சார்ஜ் கிடையாது' என்று சொல்லித்தான் ஏஜென்ட் பர்சனல் லோன் வாங்க வைத்தார். 3 லட்சம், 14 சதவீதம், 36 மாதம். 12 தவணை கட்டிவிட்டு முடிக்கப் போனால் பத்தாயிரம் ரூபாய் தனியாகக் கேட்கிறார்கள்."
— வாசகி, மதுரை

உங்களிடம் பொய் சொல்லிக் கடனை விற்றிருக்கிறார்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய கடன் அனுமதிக் கடிதத்தின் படத்தில் 'வட்டி வகை' என்ற கட்டத்தில் 'ஃபிக்சட்', அதாவது மாறாத வட்டி என்று இருக்கிறது. எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. தனிநபர் ஒருவர் தொழிலுக்கு அல்லாமல் வாங்கும் கடன் ஃப்ளோட்டிங், அதாவது ஏறி இறங்கும் வட்டியில் இருந்தால், முன்கூட்டியே கட்டுவதற்கு வங்கி ஒரு பைசா கேட்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் புதிய விதி 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு இதை இன்னும் தெளிவாக்கியிருக்கிறது: பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது, 'ஒரு வருஷம் கழித்துத்தான் கட்டலாம்' என்றும் சொல்லக் கூடாது. ஃபிக்சட் வட்டிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கடிதத்தில் எழுதியிருந்தால் வசூலிக்கலாம்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் '4 சதவீதம் மற்றும் வரி' என்று இருக்கிறது. 12 தவணைக்குப் பின் உங்கள் அசல் பாக்கி சுமார் 2,13,500 ரூபாய். அதில் 4 சதவீதம் 8,540. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,537. மொத்தம் 10,077. கணக்கு சரிதான். பாக்கித் தொகைக்குப் பதிலாக முதலில் வாங்கிய 3 லட்சத்துக்கு 4 சதவீதம் போட்டிருந்தால் 12,000 ரூபாயும் வரியும் கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்டிருந்தால் சண்டை போட வேண்டியது அங்கேதான்.

கையில் பணம் இருந்தால் முடித்துவிடுங்கள். இன்னும் 24 தவணை கட்டினால் வட்டியாக மட்டும் சுமார் 32,500 போகும். பத்தாயிரம் கொடுத்தாலும் 22,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். அப்புறம், ஏஜென்ட் சொன்னது வாட்ஸ்அப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் வழக்கு பலவீனம். ஆனாலும் எழுதுங்கள். அந்த ஏஜென்ட் மேல் ஒரு பதிவாவது விழும்.

"நேற்று ஆன்லைனில் ஓடிபி போட்டு ஒப்புக்கொண்டேன். கடிதம் 14 பக்கம், இன்னும் திறக்கவில்லை. எதைப் படிக்க வேண்டும்?"
— வாசகர், திருப்பூர்

ஓடிபி போடுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும். இன்று இரவு 14 பக்கமும் படியுங்கள்.

"ரெப்போ குறைந்துகொண்டே வருகிறது என்று செய்தியில் பார்க்கிறேன். என் கடன் 'ஃப்ளோட்டிங்' என்றுதான் போட்டிருக்கிறது. வட்டி மட்டும் இறங்கவே இல்லை."
— வாசகர், சேலம்

எதோடு சேர்ந்து மிதக்கிறது என்று பாருங்கள். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ; 2025-ல் மட்டும் அது 6.50 சதவீதத்திலிருந்து 5.25-க்கு வந்தது. வங்கிக் கடனாக இருந்து கடிதத்தில் 'ரெப்போ + 7.5' என்பது போல எழுதியிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உங்கள் வட்டியைத் திருத்தியாக வேண்டும். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் ஃப்ளோட்டிங் தனிநபர் கடன்களுக்கு இது கட்டாயம். நீங்கள் வாங்கியதோ வங்கியல்லாத நிதி நிறுவனத்தில். அவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் கடிதத்தில் 'நிறுவனத்தின் அடிப்படை விகிதம்' என்றுதான் இருக்கிறது. அதை நிர்ணயிப்பவர்கள் அவர்களே.

பல வருஷமாக என்னை எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே கடிதத்தில் முதல் பக்கத்தில் 'ஃபிக்சட்' என்று இருக்கும், ஒன்பதாம் பக்கத்தில் 'சந்தை நிலவரத்துக்கேற்ப வட்டியை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு' என்று இருக்கும். வட்டியை ஏற்ற வேண்டுமானால் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டுவார்கள். நீங்கள் கடனை முடிக்கப் போனால் முதல் பக்கத்தைக் காட்டி சார்ஜ் கேட்பார்கள். இந்த இரண்டு வரியும் சேர்ந்து இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: 'தவணைக்காலம் முழுக்க என் வட்டி மாறாதா, மாறுமா?' மாறாது என்றால் அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மாறும் என்றால், முன்கூட்டியே கட்டச் சார்ஜ் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். முதல் ஒரு வருஷம் ஃபிக்சட், பிறகு ஃப்ளோட்டிங் என்று வரும் கடனில், நீங்கள் கட்டும் அன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

பகுதித் தொகை பற்றிய வரியையும் விடாதீர்கள். 2016-ல் தங்கை கல்யாணத்துக்கு நான் வாங்கிய கடனில் அந்த வரியைப் பார்க்காமல் விட்டேன். எட்டாவது மாதம் சீட்டுப் பணம் ஒரு லட்சம் வந்தது. கட்டப் போனால், 'முழுசா முடிக்கலாம் சார், பாதி கட்ட வழியில்லை' என்றார்கள். நான்காம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு லட்சம் சேமிப்புக் கணக்கில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செலவானது. கடனுக்கு 15.5 சதவீதம் கட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஒரு தவணை இருபது நாள் தள்ளிப்போனது. 2025-ல் வாங்கிய கடன். 'அபராத வட்டி மாதம் 2 சதவீதம், அசலுடன் சேர்க்கப்படும்' என்று கடிதத்தில் இருக்கிறது. கட்டத்தான் வேண்டுமா?"
— வாசகர், நாகர்கோவில்

அந்த வரியே தவறு. 2024 ஏப்ரல் 1 முதல் புதுக் கடன்களில் அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, 'பீனல் சார்ஜ்' என்று தனிக் கட்டணமாகத்தான் போடலாம். அதை அசலில் சேர்க்கக் கூடாது, அதன் மேல் வட்டியும் போடக் கூடாது. அபராதமே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கட்டாத தொகைக்கு உங்கள் வழக்கமான வட்டி ஓடும், செக் அல்லது கணக்கிலிருந்து தானாக எடுக்கும் தவணை திரும்பியதற்கான கட்டணமும் தனியாக வரும்.

ஏமாற்றியிருக்கிறார்களா என்று ஸ்டேட்மென்ட்டில் பார்த்துவிடலாம். அசல் பாக்கி 2 லட்சம், வட்டி 15 சதவீதம் என்றால் அந்த மாத வட்டி 2,500 ரூபாய். 600 ரூபாய் அபராதத்தை அசலில் சேர்த்திருந்தால் வட்டி 2,507.50 என்று வரும். ஏழரை ரூபாய்தானே என்று விடாதீர்கள். அந்த ஏழரை ரூபாய்தான் உங்கள் சாட்சி. ஸ்டேட்மென்ட்டையும் கடிதத்தையும் சேர்த்துப் புகார் அனுப்புங்கள்.

"இந்த ரேட் இன்று மாலை வரைதான் என்கிறார் ஏஜென்ட்."
— வாசகி, வேலூர்

கடனோடு 'முக்கிய விவர அறிக்கை' ஒன்று தந்தாக வேண்டும், அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில். அதில் உள்ள விவரங்கள் குறைந்தது மூன்று வேலைநாள் செல்லும். அதைத் தமிழில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. அனுப்ப மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.