அரை மணி நேர மழைக்கே வெள்ளம்: கோலாலம்பூர் வாசகர்களின் கேள்விகள்

செந்தூலில் முப்பது வருடமாக இருக்கிறோம். முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் பெய்தாலும் தண்ணீர் ஏறாது. இப்போது அரை மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. மழை கூடிவிட்டதா ஐயா?

மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு ஹெக்டர் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் பெய்தால் 600 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. மாலை இடிமழைக்கு இது சாதாரணம். நிலம் புல்லும் மரமுமாக இருந்தால் அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும், மீதி மெதுவாக வரும். அதே இடம் தார் போட்ட கார் நிறுத்துமிடமானால் சுமார் 550 கன மீட்டர் அப்படியே ஓடிவரும். அளவைவிட வேகம்தான் ஆபத்து. எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் லோங்காங்கில் வந்து சேர்கிறது. ஆனால் நாள்கணக்கில் பெய்து மண் ஊறிவிட்டால் புல்தரையும் பெரிதாகக் காப்பாற்றாது.

எங்கள் தாமானில் லோங்காங்கைச் சுத்தம் செய்தும் தண்ணீர் நிற்கிறது. ஏன்?

தண்ணீர் ஏறும்போது, பாதுகாப்பான தூரத்தில் நின்று, கீழ்ப்பகுதியைப் பாருங்கள். உங்கள் பக்கம் நிரம்பி வழிய, சாலைக்கு அந்தப் பக்கம் மட்டம் தாழ்ந்திருந்தால் அடைப்பு நடுவில் இருக்கிறது. பெரும்பாலும் சாலைக்கு அடியில் போகும் கல்வெர்ட்டில்தான். குறுக்கே போகும் குடிநீர்க் குழாயில் பிளாஸ்டிக்கும் கிளையும் சிக்கி, அதன்மேல் மண் படியும். மூடியில்லாத பகுதியை மட்டும் வாரினால் இது போகாது. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிரம்பியிருந்தால் ஆறே உயர்ந்து, லோங்காங் வடிய இடமில்லாமல் நிற்கிறது என்று பொருள். அப்போது எவ்வளவு வாரினாலும் பலன் குறைவு. இந்த வித்தியாசத்தைப் படமெடுத்து நகராண்மைக்கு அனுப்புங்கள், எங்கே தோண்டுவது என்று அவர்களுக்குத் தெரியும்.

பழைய ஈயச் சுரங்கக் குட்டையை மூடி, கொண்டோமினியம் கட்டுகிறார்கள். அதில் எப்போதும் தண்ணீர் நிறைந்துதானே இருந்தது, என்ன நஷ்டம்?

பெரிய நஷ்டம். குட்டையில் ஏற்கெனவே கிடக்கும் தண்ணீர் கணக்கில் சேராது. அதற்கு மேலே கரைவரை காலியாக இருக்கும் இடம்தான் வெள்ளத்தைப் பிடிக்கிறது. இரண்டு ஹெக்டர் குட்டை ஒன்றரை மீட்டர் உயர முடிந்தால் 30,000 கன மீட்டர் கொள்ளும். முதல் பதிலில் சொன்ன மாதிரி ஐம்பது கார் நிறுத்துமிடங்களின் ஒரு மணி நேரத் தண்ணீர் அது! கட்டடத்துக்கு அடியில் தேக்கத் தொட்டி கட்டச் சொல்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அது பெரும்பாலும் அந்த வளாகத்தின் தண்ணீருக்குத்தான். குட்டை சுற்றுவட்டாரம் முழுவதற்கும் தாங்கியது. அதனால் திட்ட அனுமதிக்கு ஆட்சேபம் சொல்லும்போது, மூடப்படும் கொள்ளளவுக்கு ஈடு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள்.

ஸ்மார்ட் சுரங்கம் இருக்கிறதே?

2007இல் திறந்த அந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம் கிள்ளான் ஆற்று வெள்ளத்தைத் திருப்பி, நகர மையத்துக்கு அந்தப் பக்கம் தாமான் டேசா குளத்துக்குக் கொண்டுபோகிறது. ஆறு பொங்காமல் காக்க அது உதவும். உங்கள் தெருவின் தண்ணீர் ஆற்றையே எட்டாமல் நின்றால், அதற்குச் சுரங்கம் எதுவும் செய்ய முடியாது.