டேஷ்கேம் வினாடியை நம்பி வழக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, போன வருடம் ஒரு மாலை, பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து பினாங்கு பாலத்தில் பிறைக்கு வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன வேன் திடீரென்று வலது பக்கம் விலகியது. என் தடத்திலேயே ஒரு லோரி பழுதாகி நின்றது. விளக்கும் எரியவில்லை, முக்கோணமும் வைக்கவில்லை. மழை இல்லை, நான் 90-ல்தான் போனேன். பிரேக் போட்டும் மோதிவிட்டேன், முழங்கால் சில்லு உடைந்தது. போலீஸ் எனக்கே சம்மன் கொடுத்தது. லோரிக்காரர் ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. அவர் இன்சூரன்ஸ் நான் 2.4 வினாடி தாமதித்தேன் என்று சொல்லி 60 விழுக்காடுதான் தருகிறது. வீடியோவை மெதுவாக ஓட்டி எண்ணிப் பார்த்தேன், 0.8 வினாடியில் பிரேக் போட்டிருக்கிறேன். அஜஸ்டருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அசல் கார்டை உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். நூறு விழுக்காடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். 60-ஐ 70 ஆக்கப் பேசிப் பாருங்கள். ஏறவில்லை என்றால் 60-ஐயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மன்னிப்பு கேட்காததற்கு இழப்பீடு கிடையாது. சம்மனும் உங்கள் கோரிக்கையைத் தீர்மானிக்காது. யார் தவறு என்று போலீஸ் நினைத்ததற்கு செஷன்ஸ் நீதிபதி கட்டுப்பட்டவர் இல்லை. விளக்கில்லாத லோரி அவர்களுடைய பெரிய ஓட்டை. இன்சூரன்ஸ் 60 வரை வந்திருப்பதே அதனால்தான். இனி பேச வேண்டியது ஒன்றுதான்: கடிகாரத்தை எந்தப் பிரேமில் ஓடவிடுவது?

கார்டில் உள்ள வீடியோ வினாடிக்கு 30 பிரேம். வேனின் வலது சிக்னல் எரியத் தொடங்கிய பிரேமிலிருந்து அவர்கள் எண்ணுகிறார்கள். அதிலிருந்து 20 பிரேம் கழித்து வேனின் இடது ஓரத்தில் லோரியின் பின்மூலை எட்டிப் பார்க்கிறது. இன்னும் 27 பிரேமில் லோரி முழுதாகத் தெரிகிறது. அதற்கு 25 பிரேம் பின்னால்தான் பிரேக் பிடித்து உங்கள் கார் முன்பக்கம் குனிகிறது. மொத்தம் 72 பிரேம், அதுதான் அவர்களுடைய 2.4 வினாடி. நீங்களோ லோரி முழுதாகத் தெரிந்த பிரேமிலிருந்து எண்ணி 0.8 என்கிறீர்கள். இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள், தொடங்கிய இடம்தான் வேறு.

இரண்டுமே நிற்காது. முன்னால் போகிறவர் சிக்னல் போட்டால் தடம் மாறப் போகிறார் என்றுதான் அர்த்தம். பாலத்தில் அது நிமிடத்துக்கு நிமிடம் நடப்பது, அதைப் பார்த்து யாரும் பிரேக் மிதிப்பதில்லை. லோரி முழுதாகத் தெரியும்வரை காத்திருந்தேன் என்றும் நீங்கள் சொல்ல முடியாது. நியாயமான தொடக்கம் அந்தப் பின்மூலை தெரிந்த பிரேம். அங்கிருந்து கார் குனியும்வரை 52 பிரேம், சுமார் 1.7 வினாடி.

முடிவும் அவ்வளவு சுத்தமானது இல்லை. முன்பக்கக் கேமராவில் உங்கள் கால் தெரியாது, பிரேக் விளக்கும் தெரியாது. தெரிவதெல்லாம் கார் மூக்கைத் தாழ்த்தும்போது படத்தில் அடிவானம் ஒரு படி மேலேறுவது மட்டும்தான். கால் மிதித்துக் கார் குனிவதற்குள் கால் வினாடி போலப் போய்விடும். அதைக் கழித்தால் உங்களுக்கு ஒன்றரை வினாடி. எதிர்பாராத தடையைப் பார்க்கும் சாதாரண ஓட்டுநருக்கு நிபுணர்கள் சொல்லும் அளவும் ஏறக்குறைய அதுவே.

உங்கள் பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கிறது, வீட்டில் எண்ணுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கேமரா கண்ணாடியின் நடுவில் இருக்கிறது, நீங்கள் அதற்கு வலப்பக்கம் சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். வேன் வலப்புறம் விலகும்போது இடைவெளி திறப்பது இடப்புறம், ஆகவே கேமரா உங்களுக்கு முன்பே லோரியைப் பார்த்துவிடுகிறது. வேன் 18 மீட்டர் முன்னாலும் லோரி சுமார் 75 மீட்டர் முன்னாலும் இருந்த நிலையில், உங்கள் கண்ணுக்கு அதே மூலை தெரிய வேன் இன்னும் 30 சென்டிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் விலகியது என்று வைத்துக்கொண்டால் அது 0.3 வினாடி. உங்கள் உண்மையான நேரம் 1.2 அருகில் வரும். அந்த 2.4 தாமதக் கதையை இதை வைத்து உடைத்துவிடலாம்.

இதைப் படித்து நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கட்சிக்காரர்கள் விழுவதும் இங்கேதான். நேரத்தைச் சரியாக நிரூபிக்க வீடியோவை நீதிமன்றத்தில் வைத்தால், அதே வீடியோ உங்கள் வேகத்தையும் வேனுக்கும் உங்களுக்கும் இருந்த இடைவெளியையும் நிரூபித்துவிடும். நேரத்தை மட்டும் காட்டி மற்றதை மறைக்க முடியாது.

வேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். படத்தின் அடியில் ஜிபிஎஸ் 90 என்று காட்டுகிறது. வேகம் சட்டென்று கூடும்போதோ குறையும்போதோ அந்த எண் பின்தங்கி வரும். ஆனால் நீங்கள் அதற்கு முன் சீராகவே ஓட்டியிருப்பதால் இங்கே அதை நம்பலாம். பினாங்கு பாலத்தில் வரம்பு 80. "90-ல்தான் போனேன்" என்று நீங்களே எழுதுகிறீர்கள். அஜஸ்டருக்கும் அப்படியே எழுதியிருந்தால் அதுவும் அவர்கள் கோப்பில் இருக்கும்.

இப்போது எதிர்த்தரப்பு நிபுணர் என்ன செய்வார் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். லோரியின் மூலை தெரிந்த பிரேமிலிருந்து மோதும்வரை எத்தனை தடக்கோட்டுத் துண்டுகளைக் கடந்தீர்கள் என்று எண்ணி, ஒரு துண்டும் ஒரு இடைவெளியும் சேர்ந்த நீளத்தால் பெருக்குவார். அந்த 75 மீட்டர் அப்படி வந்ததுதான். அகலக் கோண லென்ஸ் தூரத்தை நீட்டிக் காட்டும் சிக்கல் இதில் இல்லை. நீங்கள் வினாடிக்கு 25 மீட்டர் ஓடினீர்கள். கார் குனிவதற்குள் 43 மீட்டர் போய்விட்டது, பிரேக்குக்கு மிஞ்சியது 32 மீட்டர். காய்ந்த சாலையில் நல்ல பிரேக்கோடு அந்தத் தூரத்தில் வேகம் ஏறக்குறைய 48 கி.மீ. வரைதான் இறங்கும். அந்த வேகத்தில் மோதினீர்கள், முழங்கால் போனது.

அதே கண், அதே கால், அதே 1.7 வினாடி, வேகம் மட்டும் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் குனிவதற்குள் போவது 38 மீட்டர் சொச்சம். மிச்சம் சுமார் 36.5 மீட்டர். அந்த வேகத்தில் நிற்கத் தேவையானது 35 மீட்டர் சொச்சம். லோரிக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்றிருப்பீர்கள். தூரக் கணக்கில் ஐந்து மீட்டர் பிசகி 70 என்றாலும், 57 கி.மீ. வேகத்தில் மோதுவதற்குப் பதில் 26-ல் மோதியிருப்பீர்கள். உங்கள் எதிர்வினை எவ்வளவு இயல்பானது என்று நாம் நிரூபிக்கிறோமோ, விபத்துக்குக் காரணம் உங்கள் வேகம் என்ற வாதம் அவ்வளவு வலுவாகும். நீங்கள் தாமதிக்கவில்லை என்றால், பின்னே ஏன் மோதினீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

இடைவெளி இன்னும் மோசம். 18 மீட்டரை 25-ஆல் வகுத்தால் முக்கால் வினாடிகூட இல்லை. ஓட்டுநர் பள்ளியிலேயே இரண்டு வினாடி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், இந்த வேகத்துக்கு அது 50 மீட்டர். அவ்வளவு தள்ளி வந்திருந்தால் லோரி தெரிந்த நேரத்தில் அதற்கு நீங்கள் இன்னும் 30 மீட்டர் பின்னால் இருந்திருப்பீர்கள். லோரியை உங்களிடமிருந்து மறைத்தது வேன், வேனை அவ்வளவு நெருங்கியது நீங்கள். குறுக்கு விசாரணையில் இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இரு தரப்பின் தவறுக்கும் ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கச் சொல்கிறது. விளக்கில்லாத லோரி மீது பெரும்பங்கு விழும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேகமும் இடைவெளியும் சேர்ந்தால் உங்கள் பங்கு 30 முதல் 50 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது என் கணிப்பு. அதாவது உங்கள் கைக்கு வருவது 50 முதல் 70 வரை, 60 அதற்குள்தான் இருக்கிறது. இன்னும் பத்து விழுக்காட்டுக்காக நிபுணருக்குப் பணம் கட்டி, வருடக்கணக்கில் அலைந்து, 50-ல் முடியும் ஆபத்தை ஏற்பது உங்களுக்கு நல்லதில்லை.

அந்த 0.8-ஐ இனி யாரிடமும் சொல்லாதீர்கள். திடீர்த் தடைக்கு 0.8-ல் கார் குனிந்தது என்றால், நீங்கள் ஆபத்தை முன்பே எதிர்பார்த்திருக்கிறீர்கள், அப்படியானால் கடிகாரம் அதற்கும் முன்பே தொடங்க வேண்டும் என்பார்கள். நீங்கள் சொன்ன எண் உங்களையே 2.4 பக்கம் தள்ளிவிடும். ஒப்புதல்போல் அதைப் படித்துக் காட்ட அவர்களிடம் வாட்ஸ்அப் செய்தி ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு செய்தி வேண்டாம். கேள்வி வந்தால் என்னிடம் அனுப்புங்கள்.

அசல் கார்டு என்னிடமே இருக்கட்டும், அதை மறுபடி கேமராவில் போடக் கூடாது. இடம் நிரம்பினால் பழைய கோப்பின் மேலேயே அது எழுதும். வாட்ஸ்அப்பில் போன பிரதி மறுசுருக்கம் செய்யப்பட்டது, பிரேம் எண்ணிக்கை அதில் மாறியிருக்கலாம். உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் எந்தப் பிரதியிலிருந்து வந்தன என்பதை நான் கேட்பேன். மங்கிய வெளிச்சத்தில் சில கேமராக்கள் 30 என்று எழுதிவைத்துக் குறைவாகவே பதியும், ஆகவே ஒவ்வொரு பிரேமின் நேரக்குறியையும் பார்த்த பிறகுதான் கணக்கு உறுதி. 70 கேட்டு எழுதும் கடிதத்தில் கேமராவின் இடம், கால் வினாடி பிரேக் தாமதம், விளக்கில்லாத லோரி, இந்த மூன்றையும் வைப்போம். 2.4 விழுந்தால் அவர்களுக்குப் பேச இருப்பது வேகமும் இடைவெளியும்தான், அவர்கள் அதைத் துருவுவதற்குள் கைகுலுக்குவது நமக்கு நல்லது. கடிதம் உரிமைக்குப் பங்கமின்றி என்ற தலைப்பில்தான் போக வேண்டும். பேச்சு முறிந்தாலும் அதை அவர்கள் நீதிமன்றத்தில் காட்டக்கூடாது.

அவசரப்பட வேண்டாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு அவகாசம் உண்டு, ஒரு வருடம்தான் போயிருக்கிறது. முழங்கால் முழுதாக ஆறிய பிறகு எலும்பு நிபுணரிடம் அறிக்கை வாங்குங்கள். சில்லு உடைந்தவர்களுக்குப் பிற்பாடு மூட்டுத் தேய்மானம் வரலாம், அது அறிக்கையில் இல்லாமல் முழுத் தீர்வுக் கடிதத்தில் கையெழுத்திட்டால் பிறகு கேட்க வழியில்லை. விழுக்காட்டைவிட, எந்தத் தொகையின் மேல் அந்த விழுக்காடு என்பதில்தான் உங்களுக்குப் பணம் கூடும். அறிக்கை கைக்கு வந்ததும் சம்பளச் சீட்டுகளோடு வாருங்கள், தொகையைப் போட்டுவிடலாம்.