எழுபது வீடியோ, ஒரே வாழ்த்து

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்த சார் இந்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். 1995 பேட்ச்சிலிருந்து இப்போது படிக்கும் பிள்ளைகள் வரை வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து, ஆளுக்கொரு வீடியோவும் பழைய போட்டோவும் அனுப்பச் சொன்னோம். 70 வீடியோ வந்துவிட்டது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, மொத்தம் ஒன்றே கால் மணி நேரம் ஓடுகிறது. விழாவில் போடுகிற மாதிரி இதை எப்படிச் செய்வது?
– முன்னாள் மாணவி, விருத்தாசலம்

பதில்: எழுபதையும் அப்படியே ஒட்டிப் போட்டால் சார் மட்டும் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் பத்தாவது நிமிடத்தில் பந்திக்குக் கிளம்பிவிடுவார்கள். விழா மேடைக்கு 12 நிமிடம்தான் எல்லை. அதைத் தாண்டாதீர்கள்.

எல்லாம் ஒரே மாதிரி இருப்பதற்கு அனுப்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. "சாரைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசி அனுப்புங்க" என்று கேட்டால் யாரானாலும் சட்டையைச் சரிசெய்துகொண்டு, வணக்கம் சொல்லி, பெயர், பேட்ச், இப்போது பார்க்கிற வேலை எல்லாம் சொல்லி, சார் எங்களுக்கு ஏணியாக இருந்தார் என்றுதான் முடிப்பார்கள். உங்கள் எழுபதில் ஏணியும் மெழுகுவர்த்தியும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்களேன்.

அதனால் மறுபடியும் கேளுங்கள், ஆனால் எல்லோரையும் வேண்டாம். வேறு வேறு வருடங்களிலிருந்து 20 பேரை எடுத்துக்கொண்டு, குரூப்பில் செய்தி போடாமல் ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். கேட்பது சின்னதாக இருக்கட்டும். பரீட்சைப் பேப்பர் கொடுக்கும்போது சார் என்ன சொல்வார்? உங்களுக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்? எதற்காக ஒரு நாள் வெளியே நிற்க வைத்தார்? போனில் பேச ஆரம்பித்தால் கொட்டும். ஒரு நல்ல சம்பவம் வந்ததும் நிறுத்தி, "இதையே இப்படியே சொல்லி அனுப்புங்க, பேர், பேட்ச் எதுவும் வேண்டாம், அதை நாங்க எழுத்தில் போட்டுக்கறோம்" என்று சொல்லிவிடுங்கள். எழுதி வைத்துப் படிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், கண் பக்கவாட்டில் ஓடுவது திரையில் அப்படியே தெரியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 20 பேர், ஆளுக்கு 20 நொடி: 6 நிமிடம் 40 நொடி. நிதானமாக நான்கைந்து வாக்கியம் சொல்ல அந்த நேரம் போதும். போட்டோ 25, ஒன்றுக்கு 4 நொடி: 1 நிமிடம் 40 நொடி. மீதி 50 பேரையும் விட்டுவிட முடியாது, விட்டால் குரூப்பில் சண்டை வரும். அவர்கள் ஏற்கெனவே அனுப்பியதில் சிரிக்கிற, கும்பிடுகிற, "தேங்க்ஸ் சார்" என்கிற 2 நொடியை மட்டும் வெட்டி, பெயரோடு கடைசியில் வரிசையாக ஓடவிடுங்கள்: இன்னொரு 1 நிமிடம் 40 நொடி. ஆக மொத்தம் சரியாக 10 நிமிடம். தொடக்கத்துக்கும் சக ஆசிரியர்கள் பேசவும் இன்னும் இரண்டு நிமிடம் தாராளமாக இருக்கிறது.

அடுக்கும்போது பேட்ச் வரிசையில் அடுக்காதீர்கள். சம்பவத்தை வைத்து அடுக்குங்கள். உதாரணத்துக்கு, சார் கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் வட்டம் போடுவார் என்று மூன்று பேர் சொல்கிறார்கள் என்று வையுங்கள். 1997 பேட்ச் ஆள், "கையை ஒரே சுத்துதான் சுத்துவார்" என்று தொடங்கட்டும். அங்கேயே வெட்டி 2010 பேட்ச் பெண்ணுக்குப் போங்கள்: "நாங்க கயிறு வெச்சு அளந்தே பார்த்தோம்." உடனே இப்போது பத்தாவது படிக்கிற பையன் பலகையில் அதே மாதிரி முயற்சி செய்து, முட்டை மாதிரி ஒன்று போடட்டும். ஆள் மாறுகிறது, பேச்சு தொடர்கிறது, ஹாலில் சிரிப்பு வரும். இதுபோல ஐந்தாறு கொத்து அமைந்துவிட்டால் வீடியோ தானாக நகரும்.

படம் சுமாராக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் பக்கத்து சீட்டில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஃபேனை நிறுத்தி, மொட்டை மாடிக்குப் போகாமல், போனை ஒரு கை நீளத்தில் படுக்கைவாக்கில் வைத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள். அனுப்பும்போது கேலரியிலிருந்து போட்டால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், பெரிய திரையில் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். Document என்ற வழியில் அனுப்பினால் எடுத்த தரத்திலேயே வந்து சேரும். நிற்கவாக்கில் வந்ததை வெட்டிப் பெரிதாக்க வேண்டாம். ஒரு பக்கம் அவர் பேசட்டும், மறுபக்கம் அவருடைய வகுப்புக் குரூப் போட்டோவைப் போடுங்கள்.

ஒருவர் கத்துவார், ஒருவர் முணுமுணுப்பார். எடிட்டிங்கில் எல்லாக் குரலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் இசையைத் தொடுங்கள். பேச்சுக்கு அடியில் பாட்டு வேண்டவே வேண்டாம், பாட்டின் வார்த்தையும் பேசுகிறவர் வார்த்தையும் முட்டிக்கொள்ளும். வெறும் வாத்திய இசை போட்டாலும் முடித்த வீடியோவைப் போனில் ஓடவிட்டு அறையின் அடுத்த மூலையில் நின்று கேளுங்கள். ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும் இசையைக் குறையுங்கள், ஏனென்றால் பள்ளி ஹாலின் எதிரொலியில் அது இன்னும் மோசமாகும்.

பழைய போட்டோவுக்கு சாரின் வீட்டம்மாவைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையோடு எடுத்தால் டியூப்லைட் அதில் பளிச்சென்று விழும். வெளியே எடுத்து, வெயில் நேரே படாத வராந்தாவில் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம், உறையோடு ஸ்கேன் செய்யலாம். குரூப் போட்டோவில் இப்போது உயிரோடு இல்லாத மாணவர் யாராவது இருக்கிறார்களா என்று அந்த பேட்ச்சில் ஒருவரிடம் முன்பே விசாரித்துவிடுங்கள். அவர் குடும்பம் விழாவுக்கு வரலாம்.

தமிழ்ப் பெயர்களை ஒருமுறை கடைசியில் பாருங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துவிடும், எடிட் செய்யும்போது கண்ணில் படாது.

விழாவுக்கு முதல் நாள் அதே லேப்டாப், அதே புரொஜெக்டரில், விழா நடக்கிற அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் இருட்டான படங்கள் சாம்பலாகிவிடும், ஜன்னலுக்குத் துணி கட்ட வேண்டுமா என்று அப்போதுதான் தெரியும். மைக் செட்காரரிடம் லேப்டாப்பிலிருந்து நேராக அவர் பெட்டிக்கு ஒயர் கொண்டுவரச் சொல்லுங்கள். லேப்டாப் ஸ்பீக்கர் பக்கத்தில் மைக்கைப் பிடிக்கிற கூத்தைப் பல விழாக்களில் பார்க்கிறோம், கேட்பவர்களுக்கு இரைச்சல்தான் மிஞ்சும்.

இப்போது படிக்கும் பிள்ளைகள் வருவதால் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லி அனுமதி வாங்குங்கள், பொதுவில் யூடியூபில் ஏற்றாதீர்கள். அந்த 70 முழு வீடியோவையும் ஒரு பென் டிரைவில் போட்டு சாரிடம் கொடுத்துவிடுங்கள், ஏணி, மெழுகுவர்த்தி உட்பட. அவர் வீட்டில் ஆற அமரப் பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக ஒட்டாதீர்கள். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் FAT32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஏறாது, தனித்தனி ஃபைலாக, பெயரும் பேட்ச்சும் போட்டு வையுங்கள். அவர் வீட்டு டிவியில் ஓடுகிறதா என்று வீட்டம்மாவிடம் முதலிலேயே இரண்டு வீடியோ கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சார் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.