குளோரின் சேர்த்தும் pH ஏன் கொஞ்சம்தான் இறங்குகிறது?

"காட்பாடியில் பி.எஸ்சி. படிக்கிறேன். அசிட்டிக் அமிலத்தைவிடக் குளோரோ அசிட்டிக் அமிலத்தின் Ka 80 மடங்கு அதிகம் என்கிறார்கள். 0.1 M கரைசலில் pH 2.9-இலிருந்து 2 வரைதான் இறங்கியது. தப்பு எங்கே?"

தப்பே இல்லை தம்பி. குளோரின், கார்பன் பிணைப்புகள் வழியாக எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கிறது. இதுதான் தூண்டல் விளைவு. H⁺ போன பிறகு COO⁻ மேல் நிற்கும் எதிர்மின்சுமை கொஞ்சம் பரவி, அயனி நிலைப்படுகிறது. அதனால் Ka 1.75×10⁻⁵-இலிருந்து 1.4×10⁻³ ஆகிறது.

ஆனால் H⁺ செறிவு Ka-வின் வர்க்கமூலத்தையொட்டித்தான் ஏறும். √80 கிட்டத்தட்ட 9. அதாவது pH ஏறக்குறைய 1 இறங்கும். இங்கே நூற்றுக்கு 11 மூலக்கூறுகள் பிரிவதால் √(Ka·C) சுருக்குவழி லேசாகப் பிசகும், இருபடிச் சமன்பாடு போட்டால் pH 1.95 வரும்.

அப்புறம், குளோரோ அசிட்டிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும். வேலூர் வெயிலில் வியர்வை என்று கையுறையைக் கழற்றிவிடாதே.