லைஃப் கோச் செஷனைப் பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் கிடைக்குமா?

கேள்வி: லைஃப் கோச் ஒருத்தர்கிட்ட பேக்கேஜ் மொத்தத்துக்கும் முன்னாடியே பணம் கட்டிட்டேன். பாதியிலயே நிறுத்தணும்னு இருக்கேன். "ரீஃபண்ட் கிடையாதுன்னு டேர்ம்ஸ்லயே இருக்கே"ன்னு சொல்றார். மீதி செஷனுக்கான பணத்தை வாங்க வழி இருக்கா?

பதில்:

வழி இருக்கிறது. ஆனால் செஷனை நிறுத்துவதையும் பணத்தைத் திரும்பக் கேட்பதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்துவதற்கு அவர் சம்மதம் வேண்டியதில்லை, நீங்கள் தெரிவித்தால் போதும். பணப் பேச்சு முடியட்டும், அப்புறம் நிறுத்தலாம் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பேக்கேஜுக்குப் பெரும்பாலும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒரு காலக்கெடு இருக்கும், அது பேச்சிலேயே ஓடிவிடும். "வாங்க, இதை ஒரு செஷன்ல பேசித் தீர்த்துக்கலாம்" என்று கோச் கூப்பிடுவார், போனால் அதுவும் ஒரு செஷனாகக் கணக்கில் ஏறும். அதனால் இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தத் தேதியோடு நிறுத்துகிறேன், இத்தனை செஷன் நடந்தது, இத்தனை மீதம், இனி எதையும் எனக்காக புக் செய்ய வேண்டாம். ஏற்கெனவே புக் ஆன செஷன் இருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும் என்ற விதியைக் காட்டி அதையும் நடந்ததாக எழுதிவிடுவார்கள். மெயில் அனுப்பும் முன் வாட்ஸ்அப் உரையாடல், கேலண்டர் அழைப்புகள், பணம் கட்டிய ரசீது, விற்பனைப் பக்கத்தில் கொடுத்த வாக்குறுதி எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள். நிறுத்துகிறேன் என்று சொன்னதும் குரூப்பிலிருந்து எடுத்துவிடுவது சாதாரணமாக நடப்பது.

உங்கள் கோச் ஐசிஎஃப் (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) சான்று பெற்றவரா என்றும் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஏசிசி, பிசிசி, எம்சிசி என்று போட்டிருப்பார்கள். ஒப்பந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எந்தக் கட்டத்திலும் விலகும் உரிமையை மதிக்க வேண்டும் என்று அவர்களுடைய நெறிமுறை சொல்கிறது. அந்த அமைப்பு பணம் வாங்கித் தராது, ஆனால் நெறிமுறைப் புகாரை விசாரிக்கும், அதனால் மெயிலில் ஒரு வரி குறிப்பிடுவது நல்லது.

அடுத்தது எவ்வளவு கேட்பது என்பது. உண்மையான சண்டை இங்கேதான். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்காக இதை நான் கூட இருந்து பார்த்தேன். 12 செஷன், ரூ.48,000, அதற்கு 18% ஜிஎஸ்டி ரூ.8,640, ஆக மொத்தம் ரூ.56,640 கட்டியிருந்தாள். ஐந்து செஷன் முடிந்ததும், தனியாக ஒரு மணி நேரம் பேசுவதாகச் சொன்ன கோச், ஓர் உதவியாளர் நடத்தும் குழு வகுப்புக்கு அவளை மாற்றிவிட்டார். நிறுத்துகிறேன் என்றாள். முதலில் ரீஃபண்ட் கிடையாது, வேறு கோர்ஸுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றதும் ரூ.21,240 தருவதாகச் சொன்னார்கள்.

அந்தத் தொகை எப்படி வந்தது தெரியுமா? தனிச் செஷன் விலை ரூ.6,000 என்று வைத்துக்கொண்டு, நடந்த ஐந்துக்கு ரூ.30,000 கழித்துவிட்டு, மீதி ரூ.18,000-க்கு ஜிஎஸ்டி சேர்த்திருந்தார்கள். பேக்கேஜ் தள்ளுபடி பாதியில் விலகுபவருக்குப் பொருந்தாது என்பது அவர்கள் வாதம். பணம் கட்டும் முன்பே அது எழுத்தில் இருந்திருந்தால் அந்த வாதத்துக்கு எடை உண்டு. அவள் கையெழுத்திட்ட எதிலும் தனிச் செஷன் விலையே இல்லை. ஆகவே நாங்கள் போட்ட கணக்கு நேர் விகிதம்: 48,000-ஐ 12-ஆல் வகுத்தால் 4,000, மீதமிருக்கும் ஏழுக்கு ரூ.28,000, அதற்கான ஜிஎஸ்டி ரூ.5,040, மொத்தம் ரூ.33,040. இரண்டு கணக்குக்கும் இடையில் ரூ.11,800 வித்தியாசம். "ஜிஎஸ்டி அரசாங்கத்துக்குப் போயிடுச்சு, அதைத் தர முடியாது" என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அது அப்படியே ஏற்க வேண்டிய பதில் இல்லை. வரிச் சட்டத்திலேயே இதற்குக் கிரெடிட் நோட், ரீஃபண்ட் வவுச்சர் என்று ஏற்பாடு இருக்கிறது. பில்லை வைத்து அதைக் கேளுங்கள்.

மெயிலில் மனக்குறைகளைக் கொட்டாமல் கணக்கையும் காரணத்தையும் மட்டும் எழுதினோம்: "தனி அமர்வு என்று விற்கப்பட்டது, இந்தத் தேதியிலிருந்து குழு வகுப்பாக மாற்றப்பட்டது. மீதமுள்ள 7 அமர்வுகளுக்கு ரூ.33,040-ஐ 15 நாளுக்குள் இந்தக் கணக்குக்கு அனுப்பவும்." பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தோம் (consumerhelpline.gov.in மூலமும் பதியலாம்). அங்கே தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரை அந்த நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆரம்பத்தில் எடுத்த ஒரு ஆளுமைத் தேர்வுக்கு வெளி நிறுவனத்துக்குக் கட்டிய ரூ.2,500-க்கான பில்லைக் காட்டினார்கள், அது நியாயம் என்று ஒப்புக்கொண்டோம். ரூ.30,540 வந்தது.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். "நோ ரீஃபண்ட்" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது என்பதில்லை. குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் பிரிவு 2(47) சொல்கிறது. "நோ ரீஃபண்ட்" ஷரத்தே நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதாடப் போனால் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிவரும், ஆகவே மாவட்டத்தில் சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிகம் என்ற இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கோச் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், e-jagriti.gov.in-ல் ஆன்லைனிலும் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு நீங்களே உண்மையாக இருக்க வேண்டும். சொன்ன ஆள், சொன்ன நேரம், சொன்ன முறை எல்லாம் சரியாக நடந்து, உங்களுக்குத்தான் பிடிக்காமல் போனது என்றால் அது சேவைக் குறைபாடு ஆகாது, கேஸ் பலவீனம். அப்போதும் நடக்காத செஷனுக்கு முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று வாதாடலாம், ஆனால் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு தருகிறேன் என்றால் சமரசத்துக்குப் போவதுதான் என் யோசனை. "என் வாழ்க்கை மாறவே இல்லை" என்பதைக் காரணமாக எழுதாதீர்கள், அதை யாராலும் நிரூபிக்க முடியாது.

பணம் கட்டிய விதத்தையும் பாருங்கள். கிரெடிட் கார்டு என்றால் வங்கி வழியாகவே பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் கேட்கலாம், அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் கோச்சின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். யுபிஐயில் அனுப்பியிருந்தால், பிடிக்காத சேவைக்காக வங்கி பணத்தைத் திருப்பித் தராது. "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று கட்டியிருந்தால் பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுத்த கடன். செஷனை நிறுத்தினாலும் தவணை நிற்காது, கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும். அதனால் தவணையைக் கட்டிக்கொண்டே, கோச்சுக்கு அனுப்பும் மெயிலின் நகலைக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அனுப்பி, ரீஃபண்ட் வந்தால் கடனில் வரவு வைக்கும்படி எழுதிக் கேளுங்கள். ஆணையத்துக்குப் போனால் அந்த நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்க்க அந்த நகல் உதவும்.